உங்கள் தகவல்கள் திருடப்பட்டது குறித்த அறிவிப்பு

பிப்ரவரி 21

அன்புள்ள வாடிக்கையாளருக்கு,

வணக்கம். எங்கள் இணைய மருந்தகத்தில் உங்களைப் பற்றிப் பதிவாகியிருந்த தகவல்களில் ஒரு பகுதியை, அனுமதியில்லாத யாரோ ஒருவர் நகலெடுத்துச் சென்றுவிட்டார். உங்கள் பெயர், கைபேசி எண், மின்னஞ்சல், மருந்து வந்து சேரும் வீட்டு முகவரி, கடந்த இரண்டு ஆண்டுகளில் நீங்கள் எங்களிடம் வாங்கிய மருந்துகளின் பட்டியல் ஆகியவை அதில் அடங்கும். உங்கள் முழு அட்டை எண்ணோ வங்கிக் கணக்கு விவரமோ அதில் இல்லை.

இந்தக் கடிதம் நீளமானது. முழுவதும் படிக்க இப்போது நேரமில்லை என்றால், இரண்டு காரியங்களை மட்டுமாவது இன்றே செய்துவிடுங்கள். எங்களிடம் வைத்திருந்த கடவுச்சொல்லையே வேறு எங்காவது, குறிப்பாக உங்கள் மின்னஞ்சலுக்கோ வங்கிச் சேவைக்கோ பயன்படுத்தியிருந்தால், அதை அங்கே உடனே மாற்றுங்கள். எங்கள் பெயரைச் சொல்லி யார் அழைத்தாலும், நீங்கள் வாங்கிய மருந்தின் பெயரையே சொன்னாலும், கைபேசிக்கு வரும் ஓடிபி எண்ணை அவரிடம் சொல்லாதீர்கள்.

நடந்தது என்ன

ஒவ்வொரு மாதமும் எங்கள் தரவுத்தளத்தின் காப்பு நகல் ஒன்றை எடுத்து, வாடகைக்குப் பெற்ற கிளவுட் சேமிப்பகத்தில் வைத்து வருகிறோம். விற்பனை அறிக்கைகளைத் தயாரிக்கும் மென்பொருளை எழுதுவதற்காக நாங்கள் அமர்த்திய ஒப்பந்ததாரருக்கு அந்தச் சேமிப்பகத்தைத் திறக்கும் அணுகல் சாவி ஒன்றைக் கொடுத்திருந்தோம். கடந்த நவம்பரில் அவருடைய வேலை முடிந்த அன்றே அந்தச் சாவியை நாங்கள் ரத்து செய்திருக்க வேண்டும், செய்யவில்லை. அவர் எழுதிய நிரலுக்குள் அந்தச் சாவி அப்படியே இருந்தது. பின்னர் அந்த நிரல், யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய பொது நிரல் களஞ்சியம் ஒன்றில் பதிவேற்றப்பட்டது. இத்தகைய சாவிகளைத் தேடி எடுப்பதற்கென்றே தானியங்கி நிரல்கள் இணையத்தில் ஓயாமல் இயங்கிக்கொண்டிருக்கின்றன என்பதால், அது வெளியாட்கள் கண்ணில் படுவதற்கு அதிக காலம் தேவைப்பட்டிருக்காது.

பிப்ரவரி 9 அதிகாலையில் அந்தச் சாவியைப் பயன்படுத்தி ஒருவர் சேமிப்பகத்துக்குள் நுழைந்து, ஜனவரி 31 இரவு எடுக்கப்பட்ட காப்பு நகலைப் பதிவிறக்கம் செய்திருக்கிறார். அந்தக் கோப்பு, நேரடியாகப் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்யப்பட்டதுதான். ஆனால் செல்லுபடியாகும் சாவியோடு வருபவருக்குச் சேமிப்பகமே அதைத் திறந்து கொடுத்துவிடும் வகையில் நாங்கள் அமைத்திருந்ததால், அந்த மறையாக்கம் இந்தத் திருட்டைத் தடுக்கவில்லை. பிப்ரவரி 17 அன்று அணுகல் பதிவேடுகளைச் சரிபார்த்த எங்கள் பணியாளர், வழக்கமில்லாத இடத்திலிருந்து அவ்வளவு பெரிய கோப்பு ஒன்று இறக்கப்பட்டிருப்பதைக் கவனித்தார். அடுத்த ஒரு மணி நேரத்துக்குள் அந்தச் சாவி முடக்கப்பட்டது. அன்றிலிருந்து இன்றுவரையான நான்கு நாட்களும், அந்த நகலில் யார் யாருடைய தகவல்கள், எந்த அளவுக்கு இருந்தன என்பதைச் சரியாகக் கண்டறிவதற்குச் செலவாயின. மொத்தம் ஏறக்குறைய 2 லட்சத்து 14 ஆயிரம் பேருக்கு இதே கடிதத்தை அனுப்புகிறோம்.

எவை போயின, எவை போகவில்லை

முதல் பத்தியில் சொன்னவற்றுடன், நீங்கள் பிறந்த தேதியைப் பதிவு செய்திருந்தால் அதுவும், அட்டை மூலம் பணம் செலுத்தியிருந்தால் அட்டை எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களும் அந்த நகலில் இருந்தன. முழு அட்டை எண், காலாவதித் தேதி, அட்டையின் பின்புறமுள்ள மூன்று இலக்க எண் ஆகியவற்றை நாங்கள் எப்போதும் சேமித்து வைப்பதில்லை. அவை பணப் பரிவர்த்தனை நிறுவனத்திடமே நேரடியாகச் செல்கின்றன. எனவே இந்த நிகழ்வுக்காக உங்கள் அட்டையை மாற்ற வேண்டிய அவசியமில்லை. நீங்கள் பதிவேற்றிய மருந்துச் சீட்டுகளின் படங்கள் வேறொரு சேமிப்பகத்தில், வேறு சாவியின் கீழ் உள்ளன. அதன் பதிவேடுகளையும் வரி விடாமல் பார்த்துவிட்டோம். அங்கே வெளியார் யாரும் நுழையவில்லை.

உங்கள் கடவுச்சொல் எழுத்து எழுத்தாக அந்த நகலில் இல்லை. பிகிரிப்ட் என்னும் ஒருவழி முறையில் உருமாற்றப்பட்ட வடிவம்தான் அதில் இருந்தது. அந்த வடிவத்திலிருந்து நேராகக் கடவுச்சொல்லுக்குத் திரும்ப வழியில்லை என்றாலும், சாத்தியமான சொற்களை ஒவ்வொன்றாக உருமாற்றி ஒப்பிட்டுப் பார்க்க முடியும். பெயரோடு பிறந்த ஆண்டைச் சேர்த்தது, வரிசையான எண்கள் போன்ற எளிய கடவுச்சொற்கள் அந்த முயற்சியில் விரைவில் பிடிபட்டுவிடும். ஆகவே அனைவருடைய பழைய கடவுச்சொற்களையும் நாங்கள் செல்லாதவையாக்கிவிட்டோம். அடுத்த முறை செயலியைத் திறக்கும்போது புதியதொன்றை அமைக்கும்படி கேட்கப்படுவீர்கள்.

ஜனவரி 31-க்கு முன் கணக்கை மூடியவர்கள் சிலருக்கும் இந்தக் கடிதம் வருகிறது. மூடிய கணக்கின் தகவல்கள் தரவுத்தளத்திலிருந்து முழுமையாக நீங்க 90 நாட்கள் ஆவதால், அந்த இடைவெளியில் இருந்தவர்களின் விவரங்களும் நகலில் சேர்ந்துவிட்டன.

திருடப்பட்டது ஒரு நகல்தான். மூலத் தரவில் எதுவும் மாற்றப்படவில்லை. நீங்கள் ஏற்கெனவே கொடுத்துள்ள ஆர்டர்களும் மாதந்தோறும் வரும் மருந்துகளும் வழக்கம்போல வந்து சேரும்.

எங்களை அதிகம் கவலைப்பட வைப்பது

ஒருவர் வாங்கும் மருந்துகளின் பட்டியலைப் பார்த்தால் அவருடைய நோயை ஊகித்துவிடலாம். வீட்டாருக்குக்கூடச் சொல்லாமல் சிகிச்சை எடுத்துக்கொள்பவர்கள் எங்கள் வாடிக்கையாளர்களில் உண்டு என்பதை நாங்கள் அறிவோம். கடவுச்சொல்லை மாற்றுவதுபோல இதை மாற்றிக்கொள்ள முடியாது. அதனால்தான் இந்தப் பகுதியைச் சற்று விரிவாக எழுதுகிறோம்.

முதலாவது, நம்பும்படியாக வரும் அழைப்புகள். ‘சார், ஜனவரியில் எங்களிடம் இரத்த அழுத்த மாத்திரை வாங்கியிருக்கிறீர்கள். அந்தத் தொகுப்பில் குறைபாடு கண்டுபிடிக்கப்பட்டதால் பணத்தைத் திருப்பித் தருகிறோம். இப்போது உங்கள் கைபேசிக்கு வரும் ஆறு இலக்க எண்ணைச் சொல்லுங்கள்’ என்று ஒருவர் பணிவாகப் பேசலாம். மருந்தின் பெயர், வாங்கிய தேதி, வீட்டு முகவரி எல்லாம் சரியாக இருக்கும். அவ்வளவு சரியாகச் சொல்வதாலேயே அவர் எங்கள் பணியாளர் என்று எண்ணிவிடாதீர்கள். அந்த விவரங்கள் இப்போது வெளியாரிடமும் இருக்கின்றன. அழைப்பைத் துண்டித்துவிட்டு, நீங்களே எங்கள் செயலியைத் திறந்து விசாரியுங்கள். தொலைவிலிருந்து உங்கள் திரையைப் பார்க்க உதவும் செயலி எதையும் யார் சொன்னாலும் நிறுவாதீர்கள். பணத்தைப் பெற்றுக்கொள்வதற்கு உங்கள் ரகசிய எண்ணைச் சொல்ல வேண்டிய தேவை ஒருபோதும் வராது.

இதே அழைப்பில் உங்கள் உடல்நலத்துக்கும் ஓர் ஆபத்து உண்டு. குறைபாடுள்ள மருந்து என்று கேட்டவுடன், பயத்தில் அதை நிறுத்திவிடத் தோன்றும். இரத்த அழுத்தம், வலிப்பு, இதய நோய் போன்றவற்றுக்கான மருந்துகளைத் திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். இப்படி ஓர் அழைப்போ குறுஞ்செய்தியோ வந்ததற்காக ஒரு வேளை மருந்தைக்கூடத் தவிர்க்காதீர்கள். சந்தேகம் இருந்தால் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

இரண்டாவது, மிரட்டல். ‘நீங்கள் என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும், பணம் அனுப்பாவிட்டால் வீட்டிலும் அலுவலகத்திலும் சொல்லிவிடுவேன்’ என்று யாராவது எழுதினால் பணம் அனுப்பாதீர்கள். ஒரு முறை கொடுத்தவரிடம் மறுபடியும் கேட்பதுதான் இத்தகையவர்களின் வழக்கம். பதில் எழுதாமல், அந்தச் செய்தியைத் திரைப்பிடிப்பு எடுத்து வைத்துக்கொண்டு காவல்துறையின் சைபர் குற்றப் பிரிவில் புகார் கொடுங்கள். எங்களுக்கும் தெரிவித்தால், புகாருக்குத் தேவையான சான்றுக் கடிதத்தை அன்றே தருவோம். அந்தக் கடிதத்தில் மருந்தின் பெயரோ நோயின் பெயரோ இடம்பெறாது.

நீங்கள் செய்ய வேண்டியவை

மின்னஞ்சலின் கடவுச்சொல்லில் தொடங்குங்கள். மற்றக் கணக்குகளின் கடவுச்சொற்களை மீட்டெடுக்கும் வழி பெரும்பாலும் மின்னஞ்சல்தான் என்பதால், அது பாதுகாப்பாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஒவ்வொரு சேவைக்கும் வெவ்வேறு கடவுச்சொல் இருக்கட்டும். தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைச் சேர்த்து அமைக்கும் நீண்ட கடவுச்சொல், குறியீடுகள் நிறைந்த குட்டையான ஒன்றைவிட நினைவில் வைக்கவும் எளிது, உடைக்கவும் கடினம். கடவுச்சொல்லுக்குப் பிறகு இன்னொரு சான்றையும் கேட்கும் இருபடிச் சரிபார்ப்பு வசதி உள்ள இடங்களில் அதை இயக்கிவையுங்கள்.

அடுத்த சில மாதங்களுக்கு வங்கிக் கணக்கு அறிக்கையைக் கவனித்துவாருங்கள். உங்கள் கைபேசியில் காரணமில்லாமல் சிக்னல் போய், மற்றவர்களுக்கு மட்டும் கிடைத்துக்கொண்டிருந்தால், உங்கள் எண்ணுக்கு வேறு யாரோ புதிய சிம் வாங்கியிருக்கக்கூடும். வேறொரு தொலைபேசியிலிருந்து உடனே உங்கள் தொலைபேசி நிறுவனத்தையும் வங்கியையும் அழையுங்கள்.

பெற்றோருக்காகவோ வேறு முதியவருக்காகவோ நீங்கள் மருந்து வாங்குபவராக இருந்தால், அவருடைய முகவரியும் மருந்து விவரமும்தான் நகலில் இருக்கும். மோசடி அழைப்பு அவரைத் தேடியும் வரலாம். இந்தக் கடிதத்தை அவருக்கு அனுப்பிவிடுவதோடு நிறுத்தாமல், நேரிலோ தொலைபேசியிலோ பேசிப் புரியவைக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

நாங்கள் செய்தவை

பழைய அணுகல் சாவிகள் அனைத்தையும் ரத்து செய்துவிட்டோம். எங்கள் உள் வலையமைப்புக்கு வெளியிலிருந்து இனி காப்பு நகல்களைத் திறக்க முடியாது. அவற்றின் மறையாக்கச் சாவியும் சேமிப்பகத்திலிருந்து பிரித்துத் தனியே வைக்கப்பட்டுள்ளது. ஒப்பந்தம் முடியும் நாளில் அணுகலும் தானாகவே முடியும்படி அமைத்திருக்கிறோம். காவல்துறையில் புகார் அளித்துள்ளோம். சட்டப்படி அறிவிக்க வேண்டிய அமைப்புகளுக்கும் அறிவித்துள்ளோம். வெளி நிபுணர் குழு ஒன்று விசாரணையைத் தொடர்கிறது. நகலெடுத்தவர் அதை வேறு யாரிடமாவது கொடுத்திருக்கிறாரா என்பது இன்னும் உறுதியாகவில்லை. இணையத்தில் அது விற்பனைக்கு வந்திருப்பதற்கான தடயம் இதுவரை கிடைக்கவில்லை என்றாலும், அதை வைத்து ஆபத்து நீங்கிவிட்டது என்று நீங்கள் கருத வேண்டாம்.

இரண்டு ஆண்டுகளில் வாங்கிய மருந்துகளின் பட்டியலை நாங்கள் வைத்திருக்கத்தான் வேண்டுமா என்று நீங்கள் கேட்டால், அது நியாயமான கேள்வி. சட்டம் கோரும் காலத்துக்கு மேல் ஒரு நாளும் மருந்து விவரங்களை வைத்திருப்பதில்லை என்று முடிவு செய்து, மீதியை அழிக்கும் பணியைத் தொடங்கிவிட்டோம். அதற்கு முன்பே உங்கள் பட்டியலை அழிக்க விரும்பினால் செயலியின் அமைப்புகள் பகுதியில் கேட்கலாம். அழிக்கக்கூடியவை ஏழு நாட்களுக்குள் அழிக்கப்படும். சட்டப்படி வைத்திருக்க வேண்டியவை எவை என்பதும் உங்களுக்கு எழுத்தில் தெரிவிக்கப்படும்.

எங்களைத் தொடர்புகொள்ள, செயலியின் உதவிப் பகுதியையோ உங்கள் மருந்துப் பொட்டலத்துடன் வந்த ரசீதில் அச்சிடப்பட்டுள்ள தொலைபேசி எண்ணையோ பயன்படுத்துங்கள். இதற்கென்று அமர்த்தப்பட்ட குழுவினர் இரவும் பகலும் பதில் சொல்வார்கள். இந்தக் கடிதத்தில் நாங்கள் எந்த இணைப்பையும் எந்த எண்ணையும் வேண்டுமென்றே தரவில்லை. இதே செய்தியை நகலெடுத்து, ‘இங்கே அழுத்துங்கள்’ என்ற இணைப்புடன் போலிக் கடிதங்கள் வரக்கூடும்; அப்படி வந்தால் அது எங்களுடையது அல்ல.

இந்தத் திருட்டுக்கு வழிவிட்டது எங்கள் கவனக்குறைவு. அதற்காக உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறோம். விசாரணையில் தெரியவருவதை மார்ச் 20-க்குள் மீண்டும் எழுதுவோம். உங்களைப் பாதிக்கும் புதிய விவரம் ஏதேனும் அதற்கு முன்பே தெரிந்தால், அன்றே தெரிவிப்போம்.

இப்படிக்கு,
தலைமை நிர்வாக அதிகாரி
தரவுப் பாதுகாப்பு அலுவலர்