கடைசி பெஞ்ச்

பாம்பன் பள்ளிக்கு மாற்றலாகி வந்து இரண்டு மாதம். ஏழாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் ஒரு பெண். வருகைக்கு "உள்ளேன் டீச்சர்" சொல்வதோடு அவள் குரல் முடிந்துவிடும். பருவக்காற்று பாடத்தில் எதைக் கேட்டாலும் தலை குனிந்துகொள்வாள். நானும் மக்கு என்றே நினைத்திருந்தேன். இப்போது சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

ஒரு ஆடி மாதக் காலை, புத்தகத்தை மூடிவிட்டுக் கேட்டேன்: "இன்னைக்கு உங்கப்பா எந்தக் கடலுக்குப் போயிருக்காரு?"

"வடகடலுக்கு, டீச்சர்."

"ஏன் தென்கடலுக்குப் போகல?"

எழுந்து வந்து சாக்பீஸை வாங்கிக்கொண்டாள். ஒரே இழுப்பில் தீவு, பாலம், இருபுறமும் கடல். மன்னார் வளைகுடாப் பக்கம் பெரிய பெரிய அலைகள். பாக் நீரிணைப் பக்கம் சின்னக் கோடுகள்.

"இப்ப சோழகம் அடிக்குதுல்ல, தென்கடல் கொந்தளிக்கும். ஐப்பசிக்கு மேல வாடை வந்தா வடகடல் சீறும், தென்கடல் அடங்கிரும்."

பாறை இருக்கும் இடங்களுக்குப் புள்ளி வைத்தாள். மணி அடித்தது. யாரும் எழவில்லை.

"இதெல்லாம் யாருடீ சொல்லிக் குடுத்தா?"

"அப்பா வலை பொத்துறப்ப மணல்ல வரைஞ்சு பாப்பேன், டீச்சர். இன்னும் கொஞ்சம் இருக்கு, வரையவா?"