தவணை ஒப்படையின் முதல் வரைவு பற்றிய பின்னூட்டம்: வவுனியாவின் சிறுகுளங்களும் நீர்ப்பங்கீடும்

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் 14 பக்க வரைவை இருமுறை வாசித்தேன். உங்கள் வாக்கியங்கள் எதையும் நான் மாற்றவில்லை. பென்சிலால் கோடிட்ட இடங்கள் நீங்கள் மீண்டும் யோசிக்க வேண்டியவை. அவற்றை எப்படிச் சொல்வது என்பது உங்கள் பொறுப்பு.

ஒப்படையின் மிகச் சிறந்த பகுதி 9ஆம் பக்கத்தில் ஒளிந்திருக்கிறது. துருசுக்கு அருகே நட்ட கம்பில் கீறிய கோட்டைக் காட்டி, தண்ணீர் அதற்குக் கீழே இறங்கினால் சிறுபோகத்துக்குப் பாதி வயலைத்தான் விதைப்பது, அந்தப் பாதியை எல்லோரும் பங்கிட்டுக் கொள்வது என்று ஒரு முதிய கமக்காரர் உங்களுக்கு விளக்கியிருக்கிறார். அந்த வழக்கம் ஏன் நின்றது என்று நீங்கள் கேட்டபோது, காணி வாங்கி வெளியிலிருந்து வந்தவர்கள் பங்குக்கு உடன்படவில்லை என்று அவர் சொன்னதையும் பதிந்திருக்கிறீர்கள். ஆனால் அடுத்த பந்தியிலேயே, போர்தான் நீர்ப்பங்கீட்டைச் சிதைத்தது என்ற முதற் பக்கத்து முடிவுக்குத் திரும்பிவிடுகிறீர்கள். அவர் சொன்னது உங்கள் முடிவை ஆதரிக்கிறதா, மறுக்கிறதா? இந்தக் கேள்விக்கு வரைவில் எங்கும் பதில் இல்லை.

இதை இன்னும் கூர்மையாக்குவது நீங்கள் தெரிவு செய்த இரண்டு குளங்கள். முதற் குளத்து மக்கள் இடம்பெயர்ந்து பல ஆண்டுகளுக்குப் பின் மீளக் குடியேறியவர்கள். இரண்டாவது குளத்தவர்கள் ஊரைவிட்டுப் போகவே இல்லை என்று 7ஆம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஆயினும் இரண்டிலும் பங்கு வழக்கம் நின்றிருக்கிறது. இடப்பெயர்வே காரணம் என்றால் இரண்டாவது குளத்தில் அது ஏன் நின்றது? உங்கள் ஆய்வின் பலமே இந்த ஒப்பீடுதான், ஆனால் இரு குளங்களும் தனித்தனித் தலைப்புகளில் கிடப்பதால் வாசகருக்கு அது தெரியவில்லை. குளம் குளமாகப் பிரிப்பதா, துருசுப் பொறுப்பு, காணி உரிமை, பங்கு விதி என்று விடயவாரியாகப் பிரிப்பதா எது பொருத்தம் என்பதை, இரண்டு விதமாகவும் ஒரு தாளில் எழுதிப் பார்த்து முடிவெடுங்கள்.

போர் ஒரு காரணமே இல்லை என்று நான் சொல்லவில்லை. உடைந்த குளக்கட்டையும் காடேறிய வாய்க்காலையும் நானும் பார்த்திருக்கிறேன். எந்தச் சேதத்துக்குப் போர் காரணம், எதற்கு அது போதாத விளக்கம் என்று பிரித்துக் காட்டினால் உங்கள் வாதம் பலவீனப்படாது, உறுதிப்படும்.

வரலாற்றுப் பகுதி ஐந்து பக்கங்கள் நீள்கிறது. 1832இல் இராஜகாரியம் என்ற கட்டாய ஊழியம் ஒழிக்கப்பட்டதும், 1856இன் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் பழைய வழக்கங்களைச் சட்டத்தின் துணையுடன் மீட்க முயன்றதும் உங்களுக்குத் தேவை. ஏனெனில் பங்கீட்டு வழக்கம் போருக்கு முன்பே நெருக்கடிகளைக் கண்டிருக்கிறது என்பதற்கு அவை சான்று. ஆனால் அங்கிருந்து நேரே 1983க்குத் தாவிவிடுகிறீர்கள். விதானைமாரின் இடத்தில் பயிர்ச்செய்கைக் குழுக்களைக் கொண்டுவந்த 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டமும், இன்றைய கமக்காரர் அமைப்புகளுக்கு அடிப்படையான 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டமும் இடையில் விடுபட்டுள்ளன. துருசுத் திறப்பு யாருடைய கையில் இருந்தது என்பதே உங்கள் கேள்வி என்பதால், இந்த இடைவெளி சிறியதன்று. மன்னர்கால வருணனைகளில் எவை இந்தக் கேள்விக்கு உதவுகின்றன என்று ஒவ்வொரு பந்தியாகப் பாருங்கள். உதவாதவற்றை, எவ்வளவு அழகாக எழுதியிருந்தாலும், விட்டுவிடத் தயங்க வேண்டாம்.

முடிவுரையில் இரணைமடுத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுசெல்லும் சர்ச்சை திடீரென வருகிறது. அது பெரிய குளம், நிர்வாகமும் வேறு. 200 ஏக்கருக்குக் குறைவாகப் பாயும் சிறுகுளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் வருபவை. அந்த ஒப்பீடு அவசியமென்று நினைத்தால் முடிவுரைக்கு முன்பே அதற்கு இடமொதுக்குங்கள். முடிவுரை புதிய விடயத்தைத் தொடங்கும் இடமல்ல.

சிறு திருத்தங்கள் இரண்டு. 11ஆம் பக்கத்தில் "எல்லாக் கமக்காரரும்" என்கிறீர்கள். நேர்காணல் கண்டவர்கள் ஒன்பது பேர். அவர்களில் பெண்கள் எத்தனை பேர், வாய்க்காலின் கடைசி வயற்காரர் எத்தனை பேர் என்பதையும் சொல்ல வேண்டும். தண்ணீர் கடைசியில் சேரும் வயற்காரர் பங்கீட்டைப் பார்க்கும் விதம் வேறாக இருக்கும். மற்றது, பேட்டி தந்தவர்களின் பெயர்களை நீக்கிவிடுங்கள்; சின்ன ஊரில் தண்ணீர்ப் பேச்சு பகையாக மாறக்கூடும்.

எழுதத் தொடங்குமுன் ஒவ்வொரு பந்தியின் ஓரத்திலும் அது எதை நிறுவுகிறது என்று ஒரே வரியில் குறியுங்கள். குறிக்க முடியாத பந்தி எங்கே வருகிறதோ அங்கேதான் கட்டமைப்பு தளர்ந்திருக்கிறது. அடுத்த வியாழக்கிழமை, இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்த தாளையும் களக்குறிப்புக் கொப்பியையும் கொண்டு வாருங்கள். அந்த முதிய கமக்காரர் கம்பில் கீறிய கோட்டைப் பற்றிச் சொன்னதில் நீங்கள் வரைவில் சேர்க்காமல் விட்டது ஏதும் இருந்தால், அதை முதலில் பார்க்க விரும்புகிறேன்.

அன்புடன்,
உங்கள் விரிவுரையாளர்