கண், காது சொட்டு மருந்தும் நெபுலைசரும்: புதிய அட்டெண்டர்களுக்கான செய்முறைத் தாள்

வீட்டுப் பராமரிப்புப் பயிற்சி, பெரம்பூர். திங்கள் முதல் டியூட்டிக்குப் போகிறவர்கள் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

ஊசி என்றால் எல்லோரும் கவனமாக இருக்கிறோம். சொட்டு மருந்து என்றதும் கை அலட்சியமாகிவிடுகிறது. கண் அழுத்தத்துக்குப் போடும் டிமோலால் மூக்கு வழியாக ரத்தத்தில் கலந்தால் நாடித்துடிப்பு குறையும், ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சு இழுக்கும். சொட்டும் மருந்துதான்.

தொடங்கும் முன்

சோப்புப் போட்டுக் கை கழுவித் துடைத்துவிட்டு, பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் படியுங்கள்: யாருக்கு, என்ன மருந்து, எந்தப் பக்கம், காலாவதித் தேதி. கண் சீட்டில் ஆர்.இ. என்றால் வலது கண், எல்.இ. இடது, பி.இ. இரண்டும். நமக்கு எதிரே உட்கார்ந்திருப்பவரின் வலது நம் இடப்பக்கம் வரும், அதனால் அவரையே கேட்டு உறுதி செய்யுங்கள். கண் பாட்டிலும் காது பாட்டிலும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். தனித்தனி டப்பாவில் வையுங்கள். காதுக்கு மட்டும் என்று எழுதியிருப்பதைக் கண்ணில் விட்டால் கண் புண்ணாகும். திறந்த தேதியைப் பாட்டிலிலேயே எழுதுங்கள். பெரும்பாலான கண் மருந்துகளை, திறந்து 4 வாரம் ஆனதும் மீதி இருந்தாலும் தூக்கிப் போட வேண்டும்.

கண் சொட்டு மருந்து

1. கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் கழற்றச் சொல்லுங்கள். குலுக்க வேண்டிய மருந்தா என்று லேபிளில் பாருங்கள்.
2. தலையைப் பின்னால் சாய்த்து மேலே பார்க்கச் சொல்லுங்கள்.
3. கீழ் இமையை விரலால் மெதுவாக இறக்குங்கள், சின்னப் பை மாதிரி திறக்கும். கன்னத்து எலும்பில் விரலை ஊன்றுங்கள். கண்புரை ஆபரேஷன் ஆனவர்களுக்கு இது மிக முக்கியம், கண்விழி மேல் துளியும் அழுத்தம் விழக்கூடாது.
4. பாட்டில் முனையைக் கண்ணுக்கு ஒரு விரல் அகல உயரத்தில் பிடித்து, அந்தப் பைக்குள் ஒரே ஒரு சொட்டு. கண்ணில் அதற்கு மேல் தங்காது, மீதி கன்னத்தில்தான் வழியும். முனை இமை முடியில்கூடப் படக்கூடாது, பட்டால் கிருமி பாட்டிலுக்குள் போய்விடும்.
5. கண்ணை மெல்ல மூடச் சொல்லுங்கள், இறுக்க வேண்டாம். மூக்கை ஒட்டிய கண் ஓரத்தை விரல் நுனியால் 2 நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மருந்து மூக்கில் இறங்காமல் தடுப்பது இதுதான். அவசரத்தில் எல்லோரும் விட்டுவிடுகிற படியும் இதுதான்.
6. இரண்டாவது மருந்து இருந்தால் 5 நிமிடம் கழித்து. களிம்பு எப்போதும் கடைசி.

மெட்ராஸ் ஐ வந்த வீட்டில் ஒருவர் பாட்டிலை இன்னொருவருக்குப் போடவே கூடாது.

காது சொட்டு மருந்து

காதிலிருந்து சீழோ ரத்தமோ வந்தாலும், செவிப்பறையில் ஓட்டை என்று சொல்லியிருந்தாலும், டாக்டரைக் கேட்காமல் எதுவும் விடாதீர்கள்.

1. பாட்டிலை உள்ளங்கையில் சில நிமிடம் மூடி வையுங்கள். சில்லென்று விட்டால் தலை சுற்றும். அடுப்பிலோ வெந்நீரிலோ காட்ட வேண்டாம்.
2. மருந்து விடும் காது மேலே இருக்கும்படி ஒருக்களித்துப் படுக்கட்டும்.
3. பெரியவர்களுக்குக் காது மடலை மேலும் பின்னும் இழுங்கள். 3 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் கீழும் பின்னும்.
4. சொன்ன அளவு சொட்டுகளைக் காதுக் குழாயின் பக்கச் சுவரில் வழிய விடுங்கள். பிறகு காதின் முன்னால் துருத்தும் குருத்தெலும்பை நாலைந்து தடவை அழுத்தி விடுங்கள்.
5. 5 நிமிடம் அப்படியே படுத்திருக்கட்டும். பஞ்சு வைத்தால் வாசலில் மட்டும்.

பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயைப் பாட்டி எடுத்து வருவார். கோபப்படாமல், "டாக்டரைக் கேட்டுட்டு விடலாம் பாட்டி" என்று சொல்லுங்கள், விட அனுமதிக்காதீர்கள்.

நெபுலைசர்

நோயாளி நிமிர்ந்து உட்காரட்டும். மிஷினை மேசை மேல் வையுங்கள், மெத்தை மேல் வைத்தால் காற்று உள்ளே போகும் வழி அடைபடும். சீட்டில் உள்ள மருந்தைக் கப்பில் ஊற்றுங்கள். சலைன் சேர்க்கச் சொல்லியிருந்தால் நெபுலைசருக்கான சலைன் மட்டும். கேன் தண்ணீர், மெட்ரோ தண்ணீர், கொதித்து ஆறியது எதுவும் கூடாது. மாஸ்க் முகத்தோடு ஒட்டி இருக்க வேண்டும். முகத்துக்கு முன்னால் சும்மா பிடித்தால் மருந்து காற்றில்தான் போகும். ஐப்ரட்ரோபியம் கண்ணில் பட்டால் கண் அழுத்தம் உள்ளவருக்கு ஆபத்து, அவருக்கு வாயில் வைக்கும் குழாய் நல்லது.

கப்பை நிமிர்த்திப் பிடித்து, இயல்பாக மூச்சு விடச் சொல்லுங்கள். 10 நிமிடம் ஆகும். புகை விட்டுவிட்டு வந்தால் கப்பைத் தட்டுங்கள். அப்புறமும் வரவில்லை என்றால் முடிந்தது. குழந்தை அழுதால் நிறுத்தி, மடியில் வைத்துச் சமாதானப்படுத்தித் தொடருங்கள். அழும்போது மருந்து நுரையீரலுக்குச் சரியாகப் போகாது.

சால்புட்டமாலுக்குப் பிறகு கை லேசாக நடுங்கலாம், படபடப்பும் வரலாம். நெஞ்சு வலித்தாலோ துடிப்பு தாறுமாறானாலோ நிறுத்திவிட்டு டாக்டரை அழையுங்கள். புடசோனைடு போட்டால் வாய் கொப்பளித்து முகம் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் வாயில் வெள்ளை படியும்.

உதடு நீலமானால், இரண்டு வார்த்தை சேர்த்துப் பேச முடியாவிட்டால், மருந்து முடிந்தும் மூச்சு இழுத்தால் 108. ஆம்புலன்ஸ் வரும்வரை நிமிர்த்தியே உட்கார வையுங்கள்.

ஒவ்வொரு தடவையும் கப், மாஸ்க்கைக் கழுவிச் சுத்தமான துணியில் காய வையுங்கள். ட்யூபைக் கழுவாதீர்கள், உள்ளே ஈரம் தெரிந்தால் கப் இல்லாமல் மிஷினை ஓடவிட்டால் காய்ந்துவிடும். கடைசியாக நேரம், மருந்து, எந்தப் பக்கம் என்று டியூட்டி நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.