2025 ஆண்டுப் பாதுகாப்பு ஆய்வு: காய விகிதமும் இழந்த நாட்களும்

பாதுகாப்புக் குழு உறுப்பினர்களுக்கு,

ஆண்டு முழுவதும் வந்த விபத்து அறிக்கைகள் 15. அவற்றில் 12 முதலுதவி, 3 விடுப்பு எடுக்கும் அளவுக்கான காயம் என்று மேற்பார்வையாளர்கள் குறித்திருந்தார்கள். வருகைப் பதிவேட்டோடு ஒவ்வொன்றையும் ஒப்பிட்டபோது ஒன்று இடறியது. ஜூன் 17 அன்று கண்ணில் இரும்புத்தூள் விழுந்த வெல்டர், முதலுதவி என்று எழுதப்பட்டவர், 18, 19 இரு நாட்களும் வேலைக்கு வரவில்லை. விடுப்புச் சீட்டில் காரணம் 'கண் வலி'. ஆகவே அதையும் சேர்த்து 4 காயங்கள்.

இழந்த நாட்கள்:

பிப்ரவரி 12, பிரஸ்ஸில் விரல் நசுங்கியது: 18
ஜூன் 17, வெல்டரின் கண்: 2
ஜூலை 8, சுமை தூக்கியதில் இடுப்புப் பிடிப்பு (ஒப்பந்தத் தொழிலாளர்): 9
டிசம்பர் 9, எண்ணெயில் வழுக்கிக் கணுக்கால் முறிவு: 37
மொத்தம்: 66

அடிபட்ட நாளையும் திரும்பி வந்த நாளையும் விட்டு, இடையில் உள்ள எல்லா நாட்களையும் ஞாயிறு உட்பட எண்ணியிருக்கிறேன். பிப்ரவரி விபத்துக்குச் சம்பளப் பிரிவு 15 என்று சொல்வது, மூன்று ஞாயிறுகளை விட்டுவிட்டதால்தான். உடம்பு தேற எத்தனை நாள் ஆனது என்பதே நமக்கு வேண்டும். கணுக்கால் முறிந்தவர் 2026 ஜனவரி 16 அன்றுதான் திரும்பினார். விபத்து நடந்த ஆண்டின் கணக்கிலேயே 37 நாட்களும் வரும். பிரித்துப் போட்டால் எந்த ஆண்டிலும் முழுப் பாதிப்பு தெரியாது.

வேலை செய்த மணிகள்: நிரந்தரத் தொழிலாளர் 1,31,400, ஓவர்டைம் 9,850, ஒப்பந்தத் தொழிலாளர் 14,750. மொத்தம் 1,56,000. விடுப்பு மணிகள் இதில் இல்லை. ஒப்பந்தத் தொழிலாளரின் காயத்தை எண்ணிவிட்டு அவர்களின் மணிகளை விட்டால் விகிதம் 28.32 என்று பொய்யாக ஏறிவிடும். சேர்த்தால் இரண்டையும் சேர்க்க வேண்டும்.

```
காய விகிதம்  = 4 × 10,00,000 ÷ 1,56,000 = 25.64
தீவிர விகிதம் = 66 × 10,00,000 ÷ 1,56,000 = 423.08
```

வாடிக்கையாளர் சிலர் 2,00,000 மணி அடிப்படையில் கேட்பார்கள். அதன்படி காய விகிதம் 5.13. எதைக் கொடுத்தாலும் அடிப்படையையும் கூடவே எழுதுங்கள்.

2024-இல் 1,48,000 மணிகளுக்கு 2 காயங்கள், 41 நாட்கள், 10,00,000 மணி அடிப்படையில் காய விகிதம் 13.51. ஏறக்குறைய இரட்டிப்பு போலத் தெரிகிறது. ஆனால் நம்மைப் போன்ற சிறிய ஆலையில் ஒரே ஒரு காயம் விகிதத்தை 6.41 நகர்த்திவிடும். மேலும், 2024 அறிக்கைகள் வருகைப் பதிவேட்டோடு ஒப்பிடப்படவில்லை. அதனால் இந்த ஒப்பீட்டை வைத்து யாரையும் குறை சொல்ல வேண்டாம், ஆறுதலும் அடைய வேண்டாம்.

எனக்கு விகிதத்தைவிட அந்த 37 நாட்களே பெரிதாகப் படுகின்றன. மொத்த இழப்பில் பாதிக்கும் மேல் அந்த ஒரே விபத்தில் போனது. அவர் வழுக்கிய இடத்தில் உள்ள இயந்திரத்தின் அடியில் எண்ணெய் கசிவதாக அக்டோபரிலேயே பராமரிப்புப் பதிவேட்டில் எழுதப்பட்டிருக்கிறது. அதன் ஆயில் சீல் மாற்றும் தேதியை இந்தக் கூட்டத்திலேயே முடிவு செய்ய வேண்டும். அப்புறம், 2024 அறிக்கைகளையும் வருகைப் பதிவேட்டோடு ஒப்பிட இரண்டு உறுப்பினர்கள் வேண்டும்.

செயலாளர், பாதுகாப்புக் குழு