9ஆவது செகண்டில் அந்தக் கட்டைவிரலைப் பாருங்கள்

வீடியோ மொத்தமே 21 செகண்ட்தான். கை நடுங்குது, பாதி நேரம் யாரோ ஒரு டாக்சிக்காரரின் தோள்தான் தெரியுது. மன்னிச்சுக்குங்க, எடுத்தது நான்தான்.

2019 ஆகஸ்டில் அண்ணனைக் கனடாவுக்கு இதே பெங்களூரு ஏர்போர்ட்டில் ஏற்றிவிட்டோம். இரண்டு வருஷப் படிப்பு, நடுவில் ஒரு எட்டு வந்துவிட்டுப் போகிறேன் என்றான். அடுத்த மார்ச்சிலேயே விமானமெல்லாம் நின்றுபோனது. ஓட ஆரம்பித்தபோது புது வேலை, லீவு இல்லை. பிறகு அங்கேயே நிரந்தரமாகத் தங்குவதற்கான பி.ஆருக்குக் காத்திருப்பு, அப்புறம் டிக்கெட் விலை. 2022இல் என் கல்யாணத்தையே போனில்தான் பார்த்தான். தாலி கட்டும்போது சரியாக நெட் போய்விட்டது.

இப்போதுதான் திரும்பி வருகிறான். விமானம் இறங்கும் நேரம் ராத்திரி 1.50. அப்பா பத்து மணிக்கே அல்சூரிலிருந்து கிளப்பிவிட்டார். வந்தவர் டெர்மினல் 1 வாசலில்தான் நிற்பேன் என்று ஒரே பிடிவாதம். அங்கேதானே அவனை அனுப்பினோம் என்கிறார். வெளிநாட்டு விமானங்கள் 2023லேயே டெர்மினல் 2க்கு மாறிவிட்டன என்று புரியவைத்து அழைத்து வருவதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 66 வயது வரை தலைக்கு டையே தொடாத அப்பா, முந்தின நாள் சாயங்காலம் கதவைச் சாத்திக்கொண்டு தானே அடித்துக்கொண்டார். காதுக்குப் பின்னால் கறுப்பாக ஒரு திட்டு. அம்மா தேங்காய் எண்ணெய் வைத்துத் தேய்த்தும் போகவில்லை. "விடு, அவன் எங்க அங்கெல்லாம் பாக்கப் போறான்" என்றார்.

அண்ணன் வெளியே வந்தான். கண்ணில் கண்ணாடி. நாங்கள் யாரும் பார்த்ததே இல்லை. அப்பா நேராகப் போய் டிராலியைப் பிடித்துக்கொண்டார், ஏதோ அதை வாங்கத்தான் வந்தவர் மாதிரி. அண்ணன்தான் இழுத்துக் கட்டிக்கொண்டான். அந்த 9ஆவது செகண்டில் அவன் கை அப்பாவின் பின்னங்கழுத்துக்குப் போகிறது. கட்டைவிரல் காதுக்குப் பின்னால் இரண்டு தடவை தேய்க்கிறது. எனக்கே அது வீட்டுக்கு வந்து பார்த்தபோதுதான் தெரிந்தது.

பாட்டு எதுவும் சேர்க்கவில்லை. டிராலிச் சக்கரம் கிறீச்சிடும் சத்தத்துக்குள் அப்பா கேட்பது காதில் விழும்: "கண்ணாடி எப்ப போட்ட?"

நாலு வருஷமாகவாம். வீடியோ கால் வந்தால் கழற்றி வைத்துவிடுவானாம்.

டை பற்றி அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. காரில் ஏறியதும் அப்பா "பவர் எவ்வளவு?" என்றார். "மைனஸ் மூணுப்பா." "எனக்குப் படிக்கிறதுக்கு ப்ளஸ் ரெண்டரை." ஹெப்பால் வருகிற வரைக்கும் இரண்டு பேருக்கும் கண் டாக்டர் பேச்சுதான்.