தர்க்கப் போட்டி: தொடங்கும் முன் விதிமுறைகள்

பிள்ளைகளே, எல்லாரும் உட்கார்ந்தாச்சா? சரி, விதிகளைச் சொல்லிவிடுகிறேன், மேசை மணியை இப்போதே அடிக்காதீர்கள்.

ஆறு அணிகள், அணிக்கு நான்கு பேர், மூன்று சுற்று. முதல் சுற்றில் ஒவ்வொரு கேள்விக்கும் 10 மதிப்பெண், அதில் விடைக்கு 4, காரணத்துக்கு 6. ஏன் காரணத்துக்கு அதிகம் என்றால், விடையைக் குருட்டாம்போக்கில்கூடச் சொல்லிவிடலாம், காரணத்தை அப்படிச் சொல்ல முடியாது. ஒரு மாதிரி பாருங்கள். "காகங்கள் எல்லாம் கருப்பு. வேப்பமரத்தில் இருக்கும் பறவை கருப்பு. அது காகமா?" "ஆமாம்" என்றால் பூஜ்யம். "உறுதியாகச் சொல்ல முடியாது" என்றால் 4. "ஆண் குயிலும் கருப்புதானே, கருப்பாக இருப்பதெல்லாம் காகம் என்று கேள்வியில் சொல்லவில்லையே" என்று விளக்கினால் முழுசாக 10.

கலந்து பேச 60 விநாடி. நான்கு பேரும் பேசுங்கள், ஆனால் விடை அணித்தலைவர் வாயிலிருந்துதான் வரவேண்டும், பின்னாலிருந்து யார் கத்தினாலும் கணக்கில் வராது. தெரியாவிட்டால் அடுத்த அணிக்குப் போகும், அவர்களுக்கு 5 மட்டும்.

இரண்டாவது சுற்று எழுத்துப் புதிர், தாளில் எல்லாம் இருக்கிறது. மூன்றாவதுதான் மணிச் சுற்று: சரியென்றால் 10, தப்பென்றால் 5 கழியும், நான் கேள்வியை முடிப்பதற்குள் மணி அடித்தால் அதோடு நிறுத்திவிடுவேன், கேட்டவரைக்கும் வைத்துத்தான் விடை சொல்லவேண்டும். சமநிலை வந்தால் ஒரே ஒரு கேள்வி, முதலில் சரியாகச் சொல்பவருக்கே வெற்றி.

கூட்டத்திலிருந்து யாரும் விடையை முணுமுணுக்காதீர்கள், அந்தக் கேள்வியையே ரத்து செய்துவிடுவேன். தலைவர்கள் வந்து சீட்டு எடுங்கள்.