மேல் வீட்டில் நாய் வளர்க்க அனுமதி கேட்டு

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

வணக்கம். வாசலில் பார்க்கும்போது நேரிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் நின்ற இடத்தில் கேட்டால் உங்களுக்கு உடனே ஏதோ ஒன்று சொல்லியாக வேண்டிய சங்கடம், எனக்கோ பாதி விஷயம் மறந்துபோகும். அதனால் எழுதியே கொடுக்கிறேன். நிதானமாகப் படித்து, அம்மாவிடமும் பாட்டியிடமும் பேசிவிட்டுச் சொன்னால் போதும்.

என் அக்காவின் நாயை எங்களோடு மேல் வீட்டில் வைத்துக்கொள்ள உங்கள் அனுமதி வேண்டும். உங்கள் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் வளர்ப்புப் பிராணி வைத்துக்கொள்ளக் கூடாது என்று வாடகை ஒப்பந்தத்தில் இருப்பது எனக்கு நினைவிருக்கிறது. கூட்டி வந்துவிட்டு, நீங்கள் பார்த்த பிறகு சமாளித்துக்கொள்ளலாம் என்று நினைக்க எனக்கு மனம் வரவில்லை. நாய் இன்னும் அக்கா வீட்டில்தான் இருக்கிறது. அவளுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்திருக்கிறது, இன்னும் ஆறு வாரத்தில் கிளம்புகிறாள். போகும் இடத்தில் நாயை வைத்துக்கொள்ள வழியில்லை.

நாயின் பெயர் சிட்டு. பெண் நாய், நாட்டு இனம்தான், கொஞ்சம் கலப்பு. 5 வயது, 14 கிலோ, என் முழங்கால் உயரம், குட்டை முடி. இரண்டு மாதக் குட்டியாக இருந்ததிலிருந்து மூன்றாவது மாடி வீட்டுக்குள் வளர்ந்தது. இதைக் குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. குட்டி நாய் என்றால் நானே உங்களிடம் கேட்டிருக்க மாட்டேன். பல் முளைக்கும் மாதங்களில் அது செருப்பையும் மேசைக் காலையும் கதவு ஓரத்தையும் விட்டுவைக்காது, எங்கே சிறுநீர் போக வேண்டும் என்பதும் அதற்குத் தெரியாது. சிட்டு அந்த வயதைத் தாண்டி வருடக்கணக்காகிறது.

கருத்தடை அறுவை செய்தாகிவிட்டது. எனவே பருவ காலத்தில் தெரு நாய்கள் கேட்டில் கூடி நிற்கும் தொந்தரவு இருக்காது. வெறிநாய்க்கடி தடுப்பூசி உட்பட எல்லாம் தவறாமல் போட்டிருக்கிறது, குடற்புழு மருந்தும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. கால்நடை மருத்துவரின் தடுப்பூசி அட்டையைப் பிரதி எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன்.

இனி சத்தம். உங்களுக்கு முதலில் தோன்றும் கவலை இதுவாகத்தான் இருக்கும். எனக்கும் அதுவேதான்.

சிட்டு குரைக்கவே குரைக்காது என்று எழுதினால் அது பொய். குரைக்கும். எப்போது, எவ்வளவு நேரம் என்று தெரிந்துகொண்டு உங்களிடம் பேசலாம் என்றுதான் போன மாதம் அக்கா ஊரில் இல்லாத பத்து நாளும் அவள் வீட்டிலேயே தங்கினேன். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு தாளை ஒட்டி, குரைத்தபோதெல்லாம் நேரத்தைக் குறித்தேன். பத்து நாளில் 23 தடவை. அதில் 17 காலிங் பெல்லுக்கு. மீதி, ஜன்னல் வழியே யாராவது படியேறுவதைப் பார்த்தபோது. இரவு பத்து மணிக்கு மேல் ஒரே ஒருநாள், பக்கத்து வீட்டில் யாரோ வந்து பெல் அடித்ததற்கு. ஒவ்வொரு தடவையும் நான்கைந்து குரைப்போடு அடங்கிவிட்டது. ஒருநாள் மட்டும், பெட்டி கொண்டுவந்த பையன் வாசலிலேயே நின்று போனில் பேசிக்கொண்டிருந்தான். அவன் போகும்வரை, மூன்று நிமிடம் போல, விடாமல் குரைத்தது.

ஆக, பெல்லும் ஜன்னலும்தான் பிரச்சினை. பெல்லை நீங்கள் சரி என்றால் எங்கள் செலவில் மாற்றி, என் போனுக்கு மட்டும் அறிவிப்பு வருகிற மாதிரி வைத்துக்கொள்கிறேன். படிக்கட்டைப் பார்த்த ஜன்னலின் கீழ்ப்பாதிக் கண்ணாடியில் ஒளி ஊடுருவும், ஆனால் ஆள் தெரியாத தாள் ஒட்டிவிடுவேன். வேண்டாம் என்றால் உரித்துவிடலாம், கறை நிற்காது. பால்கனியில் அதைத் தனியாக விடமாட்டோம், கயிற்றில் கட்டியும் போடமாட்டோம். வெளியே கட்டிப்போட்ட நாய்தான் போகிற வருகிறவர்களைப் பார்த்துக் கத்திக்கொண்டே இருக்கும்.

தனியாக விட்டால் ஊளையிடுமா என்பது அடுத்த சந்தேகம். அங்கே இருந்தபோதே ஒருநாள் போனில் ஒலிப்பதிவைப் போட்டுவிட்டு ஒன்றரை மணி நேரம் வெளியே போனேன். திரும்பி வந்து முழுக்கக் கேட்டேன். முதல் நான்கு நிமிடம் கதவருகே முனகல், நடை. பிறகு ஒரு பெரிய பெருமூச்சு. அப்புறம் கடைசிவரை மின்விசிறிச் சத்தம்தான், நடுவில் கொஞ்சம் குறட்டை. அந்தப் பதிவு என்னிடம் இருக்கிறது, நீங்கள் கேட்க விரும்பினால் அனுப்புகிறேன். எப்படியும் இங்கே அது தனியாக இருக்கும் நேரம் குறைவு. நான் வாரத்தில் மூன்று நாள்தான் அலுவலகம் போகிறேன், அப்பா பெரும்பாலும் வீட்டில்தான் இருக்கிறார். இருவருமே இரவு வெளியே தங்க நேர்ந்தால் நாயைக் காப்பகத்தில் விட்டுவிட்டுத்தான் போவோம்.

குரைப்பைவிட நான் அதிகம் யோசித்தது நகச் சத்தத்தைப் பற்றி. நாங்கள் நாற்காலியை இழுப்பது கீழே கேட்கிறது என்று முன்பு ஒருமுறை சொன்னீர்கள். அன்றைக்கே எல்லாக் கால்களுக்கும் ரப்பர் மாட்டினேன். டைல்ஸ் தரையில் நாய் நடந்தால் டக் டக் என்று நகம் படும். பகலில் தெரியாது, ராத்திரி அமைதியில் நன்றாகவே கேட்கும். உங்கள் படுக்கையறைக்கு நேர் மேலே இருப்பது எங்கள் ஹால். அதனால் ஹால் முழுவதும் தடித்த ரப்பர் விரிப்பு போடுகிறேன், இரவில் சிட்டு என் அறையில்தான் படுக்கும். அதற்குக் கீழே உங்கள் சாமான் அறைதான் என்று நினைக்கிறேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நகம் வெட்டிவிடுவோம். பாட்டி மதியம் தூங்குகிற நேரத்தில் பந்து விளையாட்டு எதுவும் கிடையாது.

சுத்தம் விஷயத்துக்கு வருகிறேன். காலை ஆறு மணிக்கும், மதியம் ஒருமுறையும், இரவு எட்டரைக்கும் வெளியே கூட்டிப் போவோம். சிட்டு வீட்டுக்குள் சிறுநீரோ மலமோ போவதில்லை. நம் கேட்டுக்கு உள்ளேயோ, சுவர் ஓரத்திலோ, அம்மாவின் செடித் தொட்டிகள் பக்கத்திலோ போகவும் விடமாட்டேன். தெருவில் போனாலும் கையோடு பையில் அள்ளிக் கட்டிக் குப்பையில் போட்டுவிடுவேன். இது அக்கா வீட்டிலும் நடப்பதுதான், புதிதாகக் கற்க வேண்டியதில்லை. மொட்டை மாடிக்குக் கூட்டிப்போக மாட்டோம். அங்கே உங்கள் துணி காய்கிறது.

உடம்பு சரியில்லாமல் என்றாவது தரையில் போய்விட்டால் என்ன செய்வது? உடனே துடைத்துவிட்டு, நாய் வளர்ப்பவர்கள் பயன்படுத்தும் என்சைம் கலந்த திரவத்தால் கழுவுவோம். சாதாரணமாகத் துடைத்தால் நம் மூக்குக்கு வாடை போனது போலிருக்கும், டைல்ஸ் இணைப்புக்குள் இறங்கியது அப்படியே இருக்கும். நாய் மோப்பம் பிடித்து அதே இடத்துக்குத் திரும்பவும் வரும். என்சைம் அந்த வாடைக்குக் காரணமானதையே சிதைத்துவிடுகிறது. குளிப்பாட்டுவது எங்கள் குளியலறையில்தான். முடி குழாயை அடைக்காமல் இருக்க வடிகாலில் வலை போட்டுவிடுவேன். தினமும் கூட்டித் துடைப்பது எப்படியும் நடக்கிறது. படிக்கட்டில் முடி தெரிந்தால் அதையும் நானே கூட்டிவிடுகிறேன்.

பின்கதவைப் பற்றி ஒரு வார்த்தை. முன்பு குடியிருந்தவரின் நாய் பிராண்டியதைச் சொல்லியிருக்கிறீர்கள். பெயின்ட் அடித்த பிறகும் கீழ்ப்பாதியில் விரலை ஓட்டினால் அந்தக் கோடுகள் தட்டுப்படுகின்றன. அதைத் தடவிப் பார்க்கும்போதெல்லாம் நீங்கள் ஏன் ஒப்பந்தத்தில் அந்த வரியைச் சேர்த்தீர்கள் என்று புரிகிறது. நான் முன்கதவு, பின்கதவு இரண்டின் கீழ்ப்பாதிக்கும் உள்பக்கம் தெளிவான பிளாஸ்டிக் தகடு பொருத்துவேன். ஆணி அடிக்காமல், ஒட்டும் பட்டையால். நாய் வருவதற்கு முன்பே கதவு, சுவர், தரை எல்லாவற்றையும் படமெடுத்து இருவரிடமும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளலாம். காலி செய்யும்போது படத்தோடு ஒப்பிட்டு, நாயால் வந்த சேதம் எதுவானாலும் என் செலவு. அதற்காக ஒரு மாத வாடகைக்கு இணையான தொகையைக் கூடுதல் அட்வான்ஸாக இப்போதே தந்துவிடுகிறேன்.

உங்கள் பேத்தி விடுமுறைக்கு வருவாள் என்பதும் மனதில் இருக்கிறது. சிட்டு யாரையும் கடித்ததில்லை. அக்காவின் மகனோடு ஒன்றாக வளர்ந்தது. இருந்தாலும் பழக்கமில்லாத குழந்தையிடம் எந்த நாயையும் நம்பி விடக்கூடாது என்பதுதான் என் கருத்து. வாசற்படியைத் தாண்டினால் எப்போதும் கழுத்துப்பட்டையும் கயிறும் இருக்கும், கயிறு பெரியவர் கையில் இருக்கும். படியில் நீங்கள் யாராவது வந்தால் நாங்கள் ஓரமாக நின்று வழிவிடுவோம். பாட்டிக்கு நாய் என்றாலே பயம் என்றால் தயவுசெய்து மறைக்காமல் சொல்லுங்கள், அவர் வாசலில் உட்காரும் நேரத்தைத் தவிர்த்துக் கூட்டிப்போகிறேன்.

முதல் மூன்று மாதத்தை ஒரு சோதனையாக வைத்துக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்குள் சத்தமோ அசுத்தமோ தொந்தரவாகப் பட்டால் ஒரு மெசேஜ் போடுங்கள், அன்றே சரிசெய்யப் பார்க்கிறேன். அதன் பிறகும் தீரவில்லை, வேண்டாம் என்று சொன்னால் 15 நாளில் சிட்டுவுக்கு வேறு இடம் ஏற்பாடு செய்துவிடுகிறேன், வாக்குவாதம் செய்யமாட்டேன். அக்காவின் தோழி ஒருவர் அப்படித் தேவைப்பட்டால் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். நீங்கள் இப்போதே மறுத்தாலும் சிட்டு அங்கேதான் போகும். எனவே நாய் தெருவுக்கு வந்துவிடுமோ என்று நினைத்து, மனமில்லாமல் சம்மதிக்க வேண்டாம். எனக்கு வருத்தமாக இருக்கும், அவ்வளவுதான். அதற்காக உங்களிடம் பேசாமல் போய்விட மாட்டேன்.

சம்மதம் என்றால், மேலே சொன்னவற்றைச் சுருக்கி ஒரே பக்கத்தில் இணைப்பு ஒப்பந்தமாக எழுதி வைத்திருக்கிறேன். சிட்டு என்ற இந்த ஒரு நாய்க்கு மட்டும்தான் அனுமதி, இன்னொன்று சேர்க்கக் கூடாது என்பதையும் அதில் நானே போட்டிருக்கிறேன். வேறு ஏதாவது சேர்க்க வேண்டுமானால் பேனாவால் எழுதிக் கொடுங்கள்.

முடிவெடுக்கும் முன் நாயை ஒருமுறை பார்ப்பது நல்லது. வரும் ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு அக்கா அதைக் கூட்டிக்கொண்டு வருகிறாள். கேட்டுக்கு வெளியே, மரத்தடியில்தான் நிற்போம், உள்ளே வரமாட்டோம். உங்களுக்கு வசதிப்பட்டால் பத்து நிமிடம் வந்து பாருங்கள். வேண்டுமானால் அப்போதே நம் பெல்லை அடித்தும் பார்க்கலாம், எத்தனை தடவை குரைக்கிறது என்று நீங்களே எண்ணிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
மேல் வீட்டுக் குடித்தனக்காரி

பின்குறிப்பு: மழை நாளில் ஈரக் காலோடு படியேறுவதைப் பற்றி எழுத விட்டுப்போயிற்று. கீழ்ப்படி அருகே ஒரு பழைய துண்டை மாட்டிவைக்க இடம் கொடுத்தால், அங்கேயே நான்கு பாதத்தையும் துடைத்துவிட்டுத்தான் மேலே ஏற்றுவேன்.